முத்தும் பொன்னும் மங்குவது ஏன்?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், தூத்துக்குடி ஆச்சியின் முத்துமாலை ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடைபெற்ற காலத்தில் வாங்கிய மாலை அது. ஆச்சியின் கழுத்தில் ஐம்பது ஆண்டுகள் இருந்தும் ஒளி குன்றாத அம்மாலை, பெயர்த்தியின் கைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் மங்கத் தொடங்கியது. தொண்டைக்குழியைத் தொடும் ஏழெட்டு முத்துகள் மட்டும் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்தன. ஏனையவை முன்போலவே இருந்தன. பெயர்த்தி எங்கேனும் புறப்படும்போது மாலையை அணிந்துகொண்ட பின்னரே கழுத்தில் வாசனைத் திரவியம் தெளித்துக்கொள்வாள். காரணம் அங்கேதான் இருந்தது.

முத்து பிற மணிகளைப் போன்ற கல் அன்று. சிப்பி என்னும் உயிரியின் உடலுக்குள் உருவாவது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் முட்டையோடும் இதே பொருளால் ஆனவையே. மிக மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, அவற்றை ஒருவகைப் புரதம் பசைபோல் பிணைத்து நிற்கிறது. இவ்வேடுகளின் ஊடே ஒளி புகுந்து மீள்வதால்தான் முத்து உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுகிறது.

முட்டையோட்டை வினிகரில் இட்டால் குமிழிகள் எழும். ஓரிரு நாளில் ஓடு கரைந்து மென்தோல் மட்டும் எஞ்சும். அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைப்பதே இதற்குக் காரணம். (இச்சோதனைக்கு முட்டையோடே போதும், வீட்டு முத்தை எடுத்துவிடக் கூடாது!) வியர்வையும் பெரும்பாலும் சிறிது அமிலத்தன்மை உடையதே. ஆனால் வினிகரைவிட மிக மென்மையானது. ஆதலால் அதன் கேடு ஒரு நாளில் தெரியாது. பல ஆண்டுகள் துடைக்கப்படாத மாலையில், தோலை உரசும் நடுப்பகுதி தேய்ந்து, உருண்டை முத்துகள் பீப்பாய் வடிவம் பெறுவதுண்டு. வாசனைத் திரவியத்தில் உள்ள ஆல்கஹாலும் பிற வேதிப்பொருள்களும் மேலேட்டைத் தாக்கி அதன் மினுமினுப்பைப் போக்குகின்றன. கரைந்த ஏடு மீண்டும் வளர்வதில்லை. மெருகேற்றினால் இன்னும் ஓர் ஏடு குறையுமே அன்றி, இழந்தது திரும்பாது.

ஆச்சியின் வழக்கம் வேறு. பூச்சும் பூவும் முடிந்த பிறகே அவர் முத்துமாலையை அணிவார். வீடு திரும்பியதும் முதலில் அதைத்தான் கழற்றுவார். நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித்துணியால் ஒவ்வொரு முத்தையும் துடைத்து, நிழலில் கிடத்தி உலர்த்திய பின்னரே துணிப்பையில் இடுவார். ஈர மாலையை ஆணியில் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் பட்டுநூல் நீண்டு தளரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பொன் முத்தைப் போன்றதன்று, வியர்வையில் கரைவதில்லை. ஆயினும் நகைகள் முழுவதும் பொன்னால் ஆனவை அல்ல. 916 முத்திரையுள்ள 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கே பொன். எஞ்சியவை செம்பு, வெள்ளி முதலிய உலோகங்கள். நீச்சல்குளத்து நீரிலும் தரை கழுவும் பிளீச்சிங் பவுடரிலும் உள்ள குளோரின் இவ்வுலோகங்களையே நாடித் தாக்குகிறது. சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பற்றாசில் பிற உலோகங்கள் மிகுதி; பொற்கொல்லர் இதனைப் பொடி என்பர். ஆகவே சங்கிலி அறுந்தால் பெரும்பாலும் பற்றவைத்த இடத்தில்தான் அறுகிறது. 750 முத்திரையுள்ள 18 காரட் நகையில் பொன் இன்னும் குறைவு. கல்லைப் பிடித்திருக்கும் அதன் மெல்லிய நகங்களில் நுண்விரிசல் விழுந்தால் கல்லே உதிர்ந்துபோகும். உருப்பெருக்கியால் நோக்கினால் இணைப்புகளில் கருமையோ மயிரிழை போன்ற கீறலோ புலப்படும். நீந்தச் செல்பவர் நகையை வீட்டிலேயே வைத்துச் செல்வது நன்று. குளத்தருகே கழற்றி வைத்தால் தொலைவதற்கும் இடமுண்டு.

சோப்பு வைரத்தை அழிப்பதில்லை. அதன்மேல் படலமாகப் படிந்து ஒளியை மறைக்கிறது. மென்மையான திரவச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்கு அலசினால் படலம் நீங்கிவிடும். மரகதத்திற்கு இம்முறை ஆகாது. பெரும்பாலான மரகதங்களில் இயற்கையாகவே நுண்விரிசல்கள் உண்டு. அவை தெரியாதிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பர். சூடான சோப்புநீர் அவ்வெண்ணெயை வெளியேற்றினால், மறைந்திருந்த விரிசல்கள் வெண்கோடுகளாகத் தெரியும். ஆதலால் மரகதத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தில்லியில் இருந்த முத்துமாலையைப் பொற்கொல்லர் பிரித்து, புதிய பட்டுநூலில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்துத் தந்தார். வெளுத்த முத்துகளை அவர் நீக்கவில்லை. கூந்தல் மறைக்கும் பிடரிப் பக்கம் மாற்றி வைத்தார். அடுத்த திருமணத்திற்குப் புறப்பட்டபோது பெயர்த்தி வாசனைத் திரவியத்தை முதலில் தெளித்து, அது நன்கு உலர்ந்த பின்னரே மாலையைக் கையில் எடுத்தாள்.