பணிக்கொடை எப்போது கைக்கு வரும்?

மே 31 அன்று மாலை மாலையும் சால்வையும் போட்டு வழியனுப்புகிறார்கள். ஆனால் மூன்று மாதம் முன்பு கொடுத்த சார்ஜ் மெமோ இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு முதல் கவலை, பென்ஷன் வருமா என்பதுதான். அவர் மத்திய அரசு ஊழியர், 2004க்கு முன்பு பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் என்றால், வரும். அதுவும் பாதியாக அல்ல, முழுதாக.

தற்காலிக ஓய்வூதியம் என்ற பெயரைக் கேட்டதும், ஏதோ இடைக்கால உதவித்தொகை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குத் தரும் பிழைப்பூதியத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவருடைய பணிக்காலத்துக்குக் கணக்கிட்டால் அதிகபட்சம் எவ்வளவு ஓய்வூதியம் வருமோ, அந்த முழுத்தொகைதான் தற்காலிக ஓய்வூதியம். அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் அவர் சேர்த்த பணத்தையும் நிறுத்த முடியாது.

நிற்பது பணிக்கொடை. தொகுத்துப் பெறுதல், அதாவது கம்யூட்டேஷனும் நின்றுவிடும். ஈட்டிய விடுப்புக்கான பணத்தை, அவரிடமிருந்து ஏதாவது தொகை வசூலிக்க வேண்டி வரலாம் என்று அதிகாரி கருதினால் மட்டும், முழுவதையுமோ ஒரு பகுதியையோ பிடித்து வைக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 33 ஆண்டு பணி முடித்து 2022 மே 31 அன்று ஓய்வுபெற்ற ஓர் அலுவலருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளம் 60,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் அதில் பாதி, 30,200. அது தற்காலிகம் என்ற பெயரில் மாதாமாதம் வந்துவிடும். அப்போதைய அகவிலைப்படி 34 சதவீதம். அதையும் சேர்த்த சம்பளத்தைப் பதினாறரை மடங்காக்கினால் பணிக்கொடை 13,35,444 ரூபாய். மகளின் கல்யாணத்துக்கென்று அவர் நம்பியிருந்த பணம் இதுதான். இறுதி ஆணை வரும்வரை இதில் ஒரு ரூபாய்கூட வராது.

ஓய்வுக்குப் பிறகு விசாரணை முடிந்தால் பணிநீக்கம் செய்ய வழியில்லை. ஓய்வூதியத்திலோ பணிக்கொடையிலோ கைவைப்பதுதான் மிச்சமிருக்கும் தண்டனை. அதற்கும் கடுமையான முறைகேடோ கவனக்குறைவோ நிரூபணமாக வேண்டும். குடியரசுத் தலைவர் பெயரில், மத்திய தேர்வாணையத்தைக் கலந்த பிறகே ஆணை வரும். விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்த பிறகும் கோப்பு ஊர்ந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆணையின் வாசகத்தை எழுத்தெண்ணிப் படிக்கச் சொல்வேன். குற்றச்சாட்டுகளிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டதாக இருந்தால், பணிக்கொடை ஓய்வுபெற்ற மறுநாளே தரவேண்டியதாகிவிட்டது என்று விதி கொள்கிறது. மூன்று மாதம் தாண்டிய காலம் முழுவதற்கும் வருங்கால வைப்பு நிதியின் வட்டி வீதத்தில் வட்டி சேரவேண்டும். நம் அலுவலருக்கு 2025 ஆகஸ்டில் ஆணை வந்தால், 7.1 சதவீதத்தில் ஆண்டுக்குச் சுமார் 94,800 ரூபாய் வீதம் மூன்று ஆண்டு வட்டி. வாய்மூடி இருந்தால் இது தானாக வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். எழுதிக் கேட்க வேண்டும். முழு விடுவிப்பு இல்லையென்றால், பணிக்கொடை ஆணையின் தேதியிலிருந்துதான் தரவேண்டியதாகக் கணக்கு. பழைய ஆண்டுகளுக்கு வட்டி இல்லை. அந்த ஓரிரு சொற்களில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது.

தண்டனையாக ஓய்வூதியம் குறைந்தால், இதுவரை வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து, பென்ஷன் பணத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். தற்காலிக ஓய்வூதியத்தைவிட இறுதி ஓய்வூதியம் குறைவாக அமைந்தாலும், வித்தியாசத்தை வசூலிக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. வெட்டு இனி வரும் மாதங்களுக்குத்தான்.

கம்யூட்டேஷனில் மட்டும் காலம் ஒரு சிறு தொகையைத் தின்றுவிடுகிறது. ஓய்வூதியத்தில் 40 சதவீதத்தைத் தொகுத்தால், ஓய்வுபெறும்போது அடுத்த பிறந்தநாள் 61ஆக இருந்தவருக்குப் பெருக்கும் எண் 8.194, சுமார் 11,87,800 ரூபாய் கிடைத்திருக்கும். இப்போது அடுத்த பிறந்தநாள் 64 என்றால் எண் 7.862, சுமார் 11,39,700 ரூபாய். நாற்பத்தெட்டாயிரம் குறைவு. ஆனால் இந்த மூன்று ஆண்டும் மாதம் 12,080 ரூபாய் பிடித்தம் இல்லாமல் முழு ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆணை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. தாண்டிவிட்டால் மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும்.