இருவருக்கும் 104

காய்ச்சல் ஏறும்போது வீட்டில் நடக்கும் கூத்தைக் கவனித்திருப்பீர்கள். பையனைத் தொட்டால் நெருப்பாய்க் கொதிக்கிறான். அவனோ, "குளிருதும்மா, இன்னொரு போர்வை போடு" என்று பல் தந்தியடிக்கச் சுருண்டு கிடக்கிறான். தொட்டவருக்குச் சூடு, படுத்திருப்பவருக்குக் குளிர். யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும்தான்.

இன்னொரு காட்சி. கத்திரி வெயில். மாடியில் கான்கிரீட் போடும் நாள். காலையிலிருந்து சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர் பிற்பகலில் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுகிறார், தள்ளாடுகிறார், அப்படியே சரிகிறார். அவரைத் தொட்டாலும் நெருப்புதான். தெர்மாமீட்டர் வைத்தால் பையனுக்கும் 104, இவருக்கும் 104. ஆனால் பையனுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் இவருக்கு உதவாது. இவர் மேல் கொட்ட வேண்டிய குடம் குடமான தண்ணீர் பையனுக்கு ஆகாது. எண் ஒன்று, உள்ளே நடப்பது நேர்மாறு.

மூளையின் அடித்தளத்தில் பாதாம் பருப்பளவு ஒரு பகுதி இருக்கிறது. ஹைப்போதலாமஸ் என்று பெயர். உடல் எந்தச் சூட்டில் இருக்கவேண்டும் என்பதை அதுதான் காக்கிறது. தன்னைக் கடந்துபோகும் ரத்தத்தின் சூட்டை அது நேரடியாக உணர்கிறது. தோலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் நரம்புகள் கொண்டுவரும் சேதியையும் சேர்த்துக்கொள்கிறது. சுமார் 98.6 டிகிரி என்பது அதன் குறி. விடியலில் கொஞ்சம் குறைவாகவும் மாலையில் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். மருத்துவ நூல்கள் இதைத் திருகிவைக்கும் குமிழ்போல வர்ணித்தாலும் உள்ளே குமிழ் எதுவும் கிடையாது. சூடு ஏறினால் வேகமாகத் துடிக்கும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. அவை எந்தச் சூட்டில் எவ்வளவு துடிக்கின்றன என்பதுதான் குறி.

கிருமி நுழைந்ததும் ரத்த வெள்ளணுக்கள் சில புரதங்களை வெளியிடுகின்றன. அவை மூளையின் ரத்தநாளங்களை எட்டும்போது, அந்த நாளச் சுவர்கள் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது மேற்சொன்ன நரம்பணுக்களின் துடிப்பை அடக்குகிறது. விளைவாக, நேற்றுவரை 98.6இல் நிறைவாக இருந்த மூளை இன்று 103ஐக் குறியாக வைத்துக்கொள்கிறது. உடலோ இன்னும் 99இல்தான் இருக்கிறது. புதுக் குறியை வைத்துப் பார்த்தால் அது குளிர்தான். உடனே தோலின் ரத்தநாளங்கள் சுருங்குகின்றன, கைகால் சில்லிடுகிறது, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன, போர்வை கேட்கத் தோன்றுகிறது. பையன் சொன்ன குளிர் பொய்யல்ல. உடம்பு 103ஐத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். கிருமி அடங்கி, குறி பழைய இடத்துக்கு இறங்கினால் இப்போது 103 என்பது அதிகப்படி. அப்போது வியர்த்துக் கொட்டுகிறது. "வியர்த்துடுச்சு, இனிமே காய்ச்சல் விட்டுடும்" என்று பாட்டி சொல்வாள். குறி ஏற்கெனவே இறங்கிவிட்டது என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள்.

காய்ச்சல் என்பது உடம்பின் கோளாறு அல்ல, அது வேண்டுமென்றே செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு பல்லியினம். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமி ஏற்றினார்கள். இகுவானாவால் உடலுக்குள் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. நோயுற்ற இகுவானாக்கள் நகர்ந்து, வழக்கத்தைவிடச் சூடான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டன. அப்படிச் சூடேற விடாமல் வைத்திருந்தவற்றில் இறந்தவை அதிகம்.

பாரசிட்டமால் செய்வது இவ்வளவுதான்: புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது, குறி தானாக இறங்குகிறது. ஆஸ்பிரின் இந்தப் பொருளைத்தான் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாத்திரை உடம்பைக் குளிர்விப்பதில்லை, குறியை மாற்றுகிறது. குறியைத் தொடாமல் பையன் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றினால், குறியைக் காக்க அவன் உடம்பு இன்னும் நடுங்கும். அவதிதான் மிச்சம். முதலில் மாத்திரை, பிறகு வேண்டுமானால் வெதுவெதுப்பான ஈரத்துணி.

இப்போது மாடிக்குப் போவோம். அந்தத் தொழிலாளியின் குறி நகரவே இல்லை. அது 98.6இலேயே நின்று, "இறக்கு, இறக்கு" என்று கத்திக்கொண்டிருக்கிறது. இறக்கத்தான் வழியில்லை.

உடம்பிலிருந்து சூடு வெளியேற நான்கு வழிகள் உண்டு. குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது பெரும்பங்கு கதிர்வீச்சாகவே போய்விடுகிறது. சுவரும் மேசையும் நம்மைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் நம் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. தொட்ட பொருளுக்குக் கடத்தல் மூலம் கொஞ்சம், மேலே படும் காற்றோடு கொஞ்சம், மீதி வியர்வை. தோலின் சூடு ஏறக்குறைய 95 டிகிரி. காற்றும் சுற்றியுள்ள சிமெண்டும் அதைத் தாண்டிவிட்டால் முதல் மூன்று வழிகளும் தலைகீழாகிவிடும். சூடு உள்ளே வரத் தொடங்கும். எஞ்சுவது வியர்வை ஒன்றே.

அந்த ஒரு வழி எவ்வளவு வலிமையானது என்பதற்கு லண்டனில் 1774இல் நடந்த ஒரு சோதனை உண்டு. சார்ல்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் நண்பர்களும் அடுப்பேற்றிச் சூடாக்கிய அறைக்குள் நுழைந்தார்கள். உள்ளே சுமார் 260 டிகிரி ஃபாரன்ஹீட். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சி வெந்தது. மனிதர்களோ பெரிதாகச் சூடேறாமல் வெளியே வந்தார்கள். பிளாக்டன் இன்னொன்றும் செய்தார். அறைக்குள் திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் கொதிக்கவில்லை. ஆவியாகியே தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. மேலே எண்ணெய்ப் படலம் விட்டதும் ஆவியாதல் நின்றது, தண்ணீர் கொதித்தது.

சென்னையின் புழுக்கம் அந்த எண்ணெய்ப் படலம்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தொழிலாளிக்கு 60 கிலோ எடை என்று கொள்வோம். அவர் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏற ஏறக்குறைய 50 கிலோ கலோரி போதும். சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 70 கிலோ கலோரி உண்டாகிறது. சட்டி தூக்கி ஏறி இறங்கினால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோ கலோரியை எடுத்துப்போகும். ஆக, வறண்ட காற்றாக இருந்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல் வியர்த்தால் போதும், கணக்கு நேராகிவிடும். புழுக்கத்தில் தேவையானதில் பாதிதான் ஆவியாகிறது என்றால், மணிக்கு 150 கிலோ கலோரி உள்ளேயே தங்கும். அது மூன்று டிகிரி செல்சியஸ். 98.6இலிருந்து 104க்குப் போக ஒரு மணி நேரம். நேரடி வெயில் ஊட்டும் சூட்டை இதில் சேர்க்கவே இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே பெரிய இழுபறி நடக்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் வேண்டும், வேலை செய்யத் தசைக்கும் ரத்தம் வேண்டும். வியர்வையாய்ப் போனதால் ரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் விழாமலிருக்க, கடைசியில் உடம்பு தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. இருந்த ஒரே வழியும் அடைபடுகிறது. அதன்பின் சூடு மளமளவென்று ஏறும். காய்ச்சலில் மூளை தானே ஒரு வரம்பு வைத்திருப்பதால் 106ஐத் தாண்டுவது அபூர்வம். இங்கே வரம்பு வைப்பார் யாருமில்லை. இதில் புதிதாக வேலைக்கு வந்தவர்தான் முதலில் விழுவார். சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகியபின் வியர்வை சீக்கிரமே தொடங்கும், கூடுதலாகவும் வரும், அதில் உப்பும் குறைந்திருக்கும்.

ஹீட் ஸ்ட்ரோக்கைச் சில செய்திகளில் 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதுகிறார்கள். படிப்பவர் கைகால் இழுத்துக்கொள்ளும் என்று நினைப்பார். அப்படி ஒன்றும் இல்லை. பார்க்கவேண்டியது புத்தியை. வெயிலில் மயக்கமாக வந்து, தலை சுற்றி, வியர்த்துப்போய் உட்கார்ந்தவர் தெளிவாகப் பதில் சொன்னால் அது களைப்பு. நிழலும் உப்பிட்ட மோரும் போதும். பேச்சு குழறினால், ஊர்பேர் தெரியாமல் விழித்தால், வலிப்பு வந்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். "குடிச்சிருக்கான், ஓரமா படுக்கட்டும்" என்று விட்டுவிடுவதுதான் நம் ஊரில் நடக்கும் கொடுமை. தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பதும் தவறு. வெளியே போகாமல் தகர வீட்டுக்குள் கிடக்கும் முதியவருக்குத் தோல் காய்ந்திருக்கும். உழைத்து விழுந்தவர் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். அக்குளில் வைத்த தெர்மாமீட்டரையும் நம்ப முடியாது. உள்ளே 105 இருக்க வெளியே 101 காட்டும்.

108க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் வண்டிக்குக் காத்திருக்கக் கூடாது. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரைக் கிடைக்கிற வேகத்தில் ஊற்றி விசிறவேண்டும். விளையாட்டு மருத்துவர்கள் செய்யும் முறை ஒன்று கட்டட வேலையிடத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு தார்ப்பாயில் ஆளைப் படுக்கவைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டிபோல ஆக்கி, அதில் தண்ணீரையும் ஐஸையும் கொட்டி அலசுவார்கள். தலை மட்டும் மேலே இருக்கவேண்டும். அரை மணிக்குள் சூடு 102 அளவுக்கு இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பாரசிட்டமால் இறக்குவதற்கு இங்கே ஏறிய குறி எதுவும் இல்லை. ஏற்கெனவே சூட்டில் வாடும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

சிலசமயம் வெயிலில் விழுந்தவருக்கு மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல மருத்துவருக்கே கடினம். சந்தேகமிருந்தால் குளிர்விப்பதே சரி. நிஜமாக மூளைக்காய்ச்சலாக இருந்தாலும் அதனால் பெரிய கெடுதல் வராது. குளிர்விக்காமல் விட்டால்தான் ஆபத்து.

குளிர்வித்ததும் பலர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்கள். உடனே வீட்டுக்கு அழைத்துப்போகத் தோன்றும். ஆனால் வெந்த தசைகள் உடைந்து ரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கருத்து, டிக்காக்‌ஷன் நிறத்தில் வரும். கல்லீரலின் சேதம் ரத்தப் பரிசோதனையில் ஏறி உச்சம் காட்டுவது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான். அதனால்தான் தெர்மாமீட்டர் 98.6 காட்டிய பிறகும் அவரை மருத்துவமனையிலேயே படுக்கவைத்திருக்கிறார்கள்.