வங்கிக் கணக்கு மாறினால் காப்புறுதிப் பணம் திரும்பிவிடும்

வெள்ளத்தினாலோ வரட்சியினாலோ காட்டு யானையினாலோ பயிர் அழிந்தபின், கமக்காரர் நட்டஈடு கேட்டு விண்ணப்பிக்கின்றார். உத்தியோகத்தர்கள் வயலைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடுகின்றனர். நட்டஈடு அங்கீகரிக்கப்படுகின்றது. அயலவருக்குப் பணம் வந்துவிடுகின்றது. தமக்கு மட்டும் வரவில்லை. விசாரித்தால், “உமது பணம் அனுப்பப்பட்டது, ஆனால் வங்கி திருப்பிவிட்டது” என்ற மறுமொழி கிடைக்கின்றது. இது எவ்வாறு நேர்கின்றது, எவ்வாறு அறிந்துகொள்வது, எவ்வாறு சீர்செய்வது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

பணம் வரும் வழி

1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில் மற்றும் கமநல காப்புறுதிச் சபையே பயிர் நட்டஈட்டை வழங்குகின்றது. நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா முதலிய பயிர்களுக்கான நட்டஈடு கமக்காரரின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிடப்படுகின்றது. அதற்கெனத் தயாராகும் பட்டியலில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கி, கிளை, கணக்கிலக்கம், தொகை என்பன இருக்கும்.

அப்பட்டியல் வங்கிகளுக்கிடையிலான கணினி முறை மூலம் செல்லும்போது, அங்கே உங்கள் முகத்தையோ வயலையோ அறிந்தவர் எவருமில்லை. வங்கிக்கும் கிளைக்கும் உரிய குறியீட்டு எண்களும் கணக்கிலக்கமுமே பணத்தை வழிநடத்துகின்றன. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பணம் போய்ச் சேராது. பெறும் வங்கி அதனை ஏற்கமுடியாத காரணத்தைக் குறித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

திரும்புவதற்கான காரணங்கள்

பெரும்பாலும் காணப்படுபவை நான்கு.

முதலாவது, கணக்கு மூடப்பட்டிருத்தல். முன்னர் ஏதோ ஒரு தேவைக்காகத் திறந்த கணக்கை மூடிவிட்டு வேறு வங்கியில் புதிய கணக்கைத் தொடங்கியவர்கள், கமநல சேவை நிலையத்தில் அதனைத் தெரிவிக்க மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, கணக்கு செயலற்றுப் போயிருத்தல். நீண்ட காலம் பணம் போடுதலோ எடுத்தலோ இல்லாத கணக்கை வங்கி செயலற்றது என ஒதுக்கிவைக்கும். அக்காலம் வங்கிக்கு வங்கி வேறுபடும். புத்தகம் உங்கள் கையில் இருப்பதனால் மட்டும் கணக்கு உயிருடன் இருக்கின்றது என்று கொள்ளலாகாது.

மூன்றாவது, இலக்கம் பிழையாகப் பதியப்பட்டிருத்தல். இரு இலக்கங்கள் இடம் மாறுவதுண்டு. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சில கணக்கிலக்கங்கள் 0 என்ற எண்ணில் தொடங்கும். கணினி அட்டவணையில் அவை சாதாரண எண்ணாகப் பதியப்படின், முன்னுள்ள 0 தானாகவே மறைந்துவிடும். கையால் எழுதிய படிவம் சரியாக இருந்தும் அச்சிட்ட பட்டியல் பிழையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, பெயரும் அடையாள அட்டையும் ஒவ்வாமை. காப்புறுதி கணவர் பெயரிலும் கணக்கு மனைவி பெயரிலும் இருத்தல் இவ்வகையைச் சேர்ந்தது. பழைய அடையாள அட்டை இலக்கம் ஓரிடத்திலும் புதிய இலக்கம் மற்றோரிடத்திலும் இருந்தாலும் இருவர் எனத் தோன்றும். பழைய இலக்கம் 651234567V என்றிருப்பின் அதற்கீடான 12 இலக்க எண் 196512304567 ஆகும். முன்னே 19 சேர்த்து, ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு 0 இட்டு, ஈற்றிலுள்ள எழுத்தை நீக்கினால் புதிய எண் கிடைக்கும். உங்கள் இரு அட்டைகளையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பியதா, அனுப்பவே இல்லையா?

பணம் வரவில்லை என்பதனால் அது திரும்பியது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. நட்டஈடு இன்னும் அங்கீகரிக்கப்படாமல் இருக்கலாம். அங்கீகரித்தும் அனுப்பப்படாமல் இருக்கலாம். அனுப்பித் திரும்பியிருக்கலாம். அரிதாக, பிழையான இலக்கம் வேறொருவரின் கணக்காக அமைந்து, பணம் அங்கே சேர்ந்திருக்கலாம். இந்நான்குக்கும் பரிகாரம் வெவ்வேறு.

ஆகவே முதலில் வங்கிப் புத்தகத்தில் புதிய பதிவுகளை இட்டுப் பாருங்கள். பின்னர் உங்கள் கமநல சேவை நிலையத்திலோ காப்புறுதிச் சபையின் மாவட்ட அலுவலகத்திலோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனது கோரிக்கைக்குப் பணம் எத்திகதியில் அனுப்பப்பட்டது? எந்த வங்கிக்கு, எந்தக் கிளைக்கு, கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் யாவை? திரும்பியதாயின் வங்கி குறித்த காரணம் என்ன? இவற்றின் விடைகளைத் திகதியுடன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பப்பட்டுள்ளது, ஆனால் திரும்பவில்லை என்று கூறினால், வேறு கணக்கிற் சேர்ந்திருக்கக்கூடும் என்பதனால் தாமதியாது எழுத்தில் முறையிடுதல் வேண்டும்.

ஓர் உதாரணம்

கிளிநொச்சி மாவட்டத்தில் 3 ஏக்கர் நெற்செய்கை பண்ணும் ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். 2016இல் உர மானியம் காசாக வழங்கப்பட்டபோது அவர் ஒரு வங்கியில் கணக்குத் திறந்தார். பின்னர் வீட்டுக்கு அண்மையில் மற்றொரு வங்கியில் கணக்கு வைத்து, பழையதைக் கவனியாது விட்டார். 2023இல் உரப் பணம் புதிய கணக்குக்கு வந்தது. எனவே தமது விபரம் எங்கும் திருந்திவிட்டது என அவர் எண்ணினார்.

2024 நவம்பர் வெள்ளத்தில் பயிர் அழிந்தது. நட்டஈட்டுப் படிவத்தை நிரப்பும்போது, கைக்கெட்டிய பழைய புத்தகத்தைப் பார்த்து இலக்கம் எழுதப்பட்டது. அக்கணக்கு செயலற்றிருந்தபடியால் பணம் திரும்பியது. உர மானியப் பட்டியல் வேறு, காப்புறுதிப் பட்டியல் வேறு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஒரு பட்டியலின்படி பணம் வருவது மற்றையதும் சரி என்பதற்குச் சான்றாகாது.

அவர் செய்யவேண்டியது பழைய கணக்கை உயிர்ப்பிப்பதன்று. ஒரே கணக்கைத் தெரிந்து, இரு பட்டியல்களிலும் அதனையே பதிவித்து, திரும்பிய தொகையை அதற்கு மீண்டும் அனுப்பும்படி கேட்பதேயாம்.

திருத்தும் முறை

1. முதலில் வங்கிக்குச் செல்க. உங்கள் பெயரில் மட்டும் உள்ள, அடிக்கடி பயன்படும் சேமிப்புக் கணக்கொன்றைத் தெரிந்துகொள்க. அது செயற்படுகின்றதா என உத்தியோகத்தரிடம் கேட்க. செயலற்றிருந்து, அதனையே வைத்திருக்க விரும்பின், அடையாள அட்டையுடன் நேரில் சென்று படிவம் கொடுத்து மீளச் செயற்படுத்தலாம். புதிய அடையாள அட்டை இலக்கத்தையும் அங்கே பதிவிக்க. சமுர்த்தி வங்கி அல்லது கூட்டுறவுக் கிராமிய வங்கிக் கணக்காயின், நட்டஈட்டை அதற்கு அனுப்ப இயலுமா என்பதைக் கமநல சேவை நிலையத்தில் முன்னரே அறிந்துகொள்க.

2. புத்தகத்தில் பெயரும் கிளையும் கணக்கிலக்கமும் தெளிவாகத் தெரியும் பக்கத்தின் பிரதி எடுக்க. பழைய புத்தகங்களில் கிளையின் பெயரோ இலக்கமோ மாறியிருக்கலாம். ஐயமிருப்பின் வங்கியின் முத்திரையுடன் உறுதிக் கடிதம் பெறுக.

3. அப்பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் கமநல சேவை நிலையத்தில் ஒப்படைத்துக் கமக்காரர் பதிவைத் திருத்துக. உத்தியோகத்தர் கணினியில் பதிந்தபின், திரையிலுள்ள இலக்கத்தை வாசிக்கச் சொல்லி உங்கள் புத்தகத்துடன் ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுக. முன்னுள்ள 0 இருக்கின்றதா எனப் பார்க்க.

4. திரும்பிய பணத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுக்க. பதிவைத் திருத்துவது இனி வரும் கொடுப்பனவுகளுக்கே உதவும். முன்னர் அனுப்பித் திரும்பிய தொகை தானாகவே புதிய கணக்கைச் சென்றடையும் என எண்ணியிருத்தல் ஆகாது. கடிதம் இரு பிரதிகளாக இருத்தல் வேண்டும். ஒன்றில் திகதியும் முத்திரையும் பெற்று உங்களிடம் வைத்துக்கொள்க.

5. கடிதம் கொடுத்தபின் அடுத்து எப்போது வந்து கேட்கவேண்டும் என வினவி, அத்திகதியில் முத்திரை பெற்ற பிரதியுடன் செல்க.

கடிதத்தின் மாதிரி

“மாவட்ட உத்தியோகத்தர், கமத்தொழில் மற்றும் கமநல காப்புறுதிச் சபை. கமநல சேவை நிலையம் ஊடாக.

ஐயா/அம்மணி, திரும்பிய பயிர் நட்டஈட்டை மீள அனுப்புதல் பற்றியது. ………… போகத்தில் ………… வயலில் ………… ஏக்கர் பயிர் அழிந்தமைக்கு எனக்கு அங்கீகரிக்கப்பட்ட நட்டஈடு ………… திகதி அனுப்பப்பட்டு, ………… என்ற காரணத்தால் திரும்பியதாக அறிந்தேன். முன்னர் கொடுத்த கணக்கிலக்கம் …………. அதற்குப் பதிலாக ………… வங்கி, ………… கிளை, ………… இலக்கக் கணக்குக்கு அத்தொகையை அனுப்பிவைக்கும்படி வேண்டுகின்றேன். எனது அடையாள அட்டை இலக்கம் …………. பழைய இலக்கம் …………. வங்கிப் புத்தகப் பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன.”

பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், கையொப்பம், திகதி என்பன கீழே இருத்தல் வேண்டும்.

கமக்காரர் இறந்திருப்பின்

காப்புறுதி செய்தவர் இறந்துவிட்டால், மரணம் தெரிவிக்கப்பட்டதும் வங்கி அவர் கணக்கை நிறுத்திவைக்கும். பிள்ளையின் கணக்கிலக்கத்தை வெறுமனே மாற்றி எழுதிக் கொடுத்தல் பயன்தராது. மரண சான்றிதழுடன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, உரிமையாளராக நிற்பவர் கொடுக்கவேண்டிய பத்திரங்களை அறிந்து, அவற்றின்படி கோருதல் வேண்டும். காணிப் பதிவேட்டிலும் செய்கைபண்ணுபவரின் பெயரை மாற்றவேண்டும். இன்றேல் அடுத்த போகத்திலும் இதே இடர் வரும்.

எச்சரிக்கை

திரும்பிய பணத்தைப் பெற்றுத் தருவதாகத் தொலைபேசியில் அழைத்து, வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையோ கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ கேட்பவர்களுக்கு அவற்றைச் சொல்லாதீர்கள். ஒரு கணக்கில் பணம் வைப்பிடுவதற்கு அவை ஒருபோதும் தேவைப்படுவதில்லை. பெயர், வங்கி, கிளை, கணக்கிலக்கம் ஆகியனவே போதும். அவற்றையும் நிலையத்தில் நேரிலேயே கொடுங்கள்.

எப்போது பார்க்கவேண்டும்?

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் செய்கைக் கூட்டம் நடைபெற்றபின், விதைப்பு விபரத்தைப் பதியச் செல்லும் நாளிலே வங்கிப் புத்தகத்தையும் கையிலெடுத்துச் செல்லுங்கள். ஏக்கர் அளவைச் சரிபார்க்கும் அதே வேளையில் கணக்கிலக்கத்தையும் சரிபாருங்கள். அழிவு நேர்ந்தபின் நட்டஈட்டுப் படிவம் எழுதும்போது, நினைவிலிருந்தோ பழைய புத்தகத்திலிருந்தோ இலக்கத்தை எழுதாது, அன்று பயன்படுத்தும் புத்தகத்தைப் பார்த்தே எழுதுங்கள். வங்கியை மாற்றினாலோ, கிளை மாறினாலோ, புதிய அடையாள அட்டை பெற்றாலோ, அடுத்த போகம்வரை காத்திராது அவ்வாரத்திலேயே கமநல சேவை நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.