கொதிக்கும் கீசரும் குச்சி தெர்மோஸ்டாட்டும்

கோவையில் அக்கா வீட்டு கீசர் 15 லிட்டர், 2000 வாட். மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் ஆவிதான் சீறிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் கீசர் சூடேறவே இல்லை. ரிப்பேருக்கு வந்தவர் மூடியைக் கழற்றினார், உள்ளே இருந்த சின்னப் பட்டனை அழுத்தினார், மூடியைப் போட்டார், காசை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மறுபடி ஆவி.

அந்தப் பட்டன் இருக்கும் பாகத்துக்குக் கட்-அவுட் என்று பெயர். தண்ணீரின் சூட்டை நாம் வைத்த அளவில் நிறுத்துவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது நிறுத்தத் தவறினால், கொதிநிலையை நெருங்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது கட்-அவுட்டின் வேலை. ஆகவே கட்-அவுட் விழுந்தது என்றால் அது தன் கடமையைச் செய்திருக்கிறது, பழுது பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். காரணத்தைப் பார்க்காமல் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் போவது, என்னைக் கேட்டால், வேலையே அல்ல.

எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் கீசருக்கான எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கி வைத்தார். "சுவிட்சை நம்பக் கூடாது தம்பி. நியூட்ரல்ல சுவிட்ச் போட்ட வீடெல்லாம் பாத்திருக்கேன்" என்றார். அடி மூடியைக் கழற்றியதும் ஒயர்களைத் தொடாமல் செல்போனில் இரண்டு படம் எடுத்தார். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

இந்த கீசரில் இருந்தது குச்சி போன்ற தெர்மோஸ்டாட். ஹீட்டர் காயில் பொருத்திய தட்டிலேயே ஒரு மெல்லிய குழல் தொட்டிக்குள் நீண்டிருக்கும். குச்சி அதற்குள் செருகியிருக்கும். குழல் உட்புறம் காய்ந்தே இருப்பதால் தொட்டித் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை, இழுத்தால் வந்துவிடும். குச்சி ஈரமாகவோ துருவேறியோ வந்தால் குழல் ஓட்டை. அப்போது தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, தட்டோடு காயிலையும் மாற்ற வேண்டும். அக்கா வீட்டுக் குச்சி காய்ந்தே வந்தது.

பலரும் ஏமாறும் இடம் அடுத்துதான் வருகிறது. மல்டிமீட்டரைத் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளில் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டியது. 'சரியாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த நிலையில் நல்ல தெர்மோஸ்டாட்டும் பூஜ்யம்தான் காட்டும், உள்ளே முனைகள் ஒட்டிப்போனதும் பூஜ்யம்தான் காட்டும். சூட்டில் விட்டுவிடுகிறதா என்பதுதான் கேள்வி. அண்ணன் அக்காவிடம் ஒரு சொம்பில் நன்றாகக் கொதித்த தண்ணீர் கேட்டார். தலைப்பகுதி நனையாமல் குச்சியை மட்டும் அதில் இறக்கி, மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகியும் பூஜ்யம் அசையவில்லை. புதிதாக வாங்கி வந்ததை அதே வெந்நீரில் விட்டதும், சிறிது நேரத்தில் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, மீட்டரில் தொடர்பு அறுந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் இன்னொரு 'டிக்', மறுபடி பூஜ்யம். கடையில் வாங்கியதை மாட்டுவதற்கு முன்பே இப்படிச் சோதிப்பது நல்லது. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்க் குச்சியின் நீளத்தையும், அதன் மேல் அச்சிட்ட ஆம்பியர் அளவையும் ஒப்பிட வேண்டும். குச்சி குட்டையாக இருந்தால் தண்ணீரின் சூட்டைச் சரியாக உணராது.

பழைய முனை ஒன்றில் ஒயரின் உறை பழுப்பேறிக் கருகியிருந்தது. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். லக் தளர்வாக இருந்தால் அந்த இடம் தனியாகச் சூடாகும். கருகிய பகுதியை வெட்டிவிட்டுப் புது லக் வைத்து அழுத்தி மாட்டினார். இதை விட்டிருந்தால் புதுத் தெர்மோஸ்டாட்டின் முனையும் சில மாதங்களில் கருகியிருக்கும்.

மாட்டி முடித்ததும் அக்கா மூடியை எடுத்து நீட்டினாள். "இன்னும் அரை மணி நேரம் ஆகும்மா" என்றார் அண்ணன்.

முதல் சோதனை மின்சாரம் இல்லாமல். கட்-அவுட் பட்டனை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பிளக்கின் பேஸ் பின்னிலும் நியூட்ரல் பின்னிலும் மீட்டரை வைத்தார். 26 ஓம். 2000 வாட் காயிலுக்கு 230 வோல்ட்டில் கணக்குப்படி வர வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். எர்த் பின்னுக்கும் தொட்டியின் உடலுக்கும் பூஜ்யம். எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அங்கே மீட்டரில் ஏதாவது எண் தென்பட்டால் காயில் கசிகிறது, அந்த கீசருக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. சுவர்ச் சாக்கெட்டையும் டெஸ்டரால் பார்த்தார். எர்த் ஓட்டை மேலே இருக்க, வலது ஓட்டையில் பேஸ் இருக்க வேண்டும். மாறியிருந்தால் தெர்மோஸ்டாட் நியூட்ரலைத்தான் வெட்டும், தண்ணீருக்குள் காயிலில் பேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது சோதனை மின்சாரத்தோடு. மூடி திறந்திருப்பதால் முனைகளெல்லாம் உயிரோடு இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிட வேண்டும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்துத் தொட்டி நிறைந்ததை உறுதிசெய்தார். தரையைத் துடைக்கச் சொன்னார், குழந்தைகளை வெளியே அனுப்பினார், ரப்பர் செருப்போடு எட்ட நின்று சுவிட்சைப் போட்டார். சூடேறுவதைக் காட்டும் விளக்கு எரிந்தது. 28 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரியைத் தொட, 2000 வாட்டில் 17 நிமிடம் ஆகும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அரை மணி தாண்டியும் விளக்கு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். இங்கே 19ஆம் நிமிடம் அணைந்தது.

அணைத்தது தெர்மோஸ்டாட்டா, கட்-அவுட்டா? சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, அரை வாளி வெந்நீரைத் திறந்துவிட்டார். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் பின்களுக்கு இடையே 26 ஓம் தானாகத் திரும்பி வந்தது. இந்த வகைக் கட்-அவுட் விழுந்திருந்தால் பட்டனை அழுத்தாமல் திரும்பாது. லக்குகளைத் தொட்டுப் பார்த்தார், எதுவும் சூடாக இல்லை. அதன் பிறகுதான் மூடியைப் பூட்டினார்.

உங்கள் வீட்டு கீசரில் கட்-அவுட் விழுந்து, யாராவது பட்டனை மட்டும் அழுத்திவிட்டு மூடியைப் பூட்டப்போனால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.