எழுத்து பெரிதானால் பட்டனும் பெரிதாகுமா?

ஒரு பத்திரிகையின் இணையப் பக்கம். கட்டுரைக்குக் கீழே ‘சந்தா செலுத்துங்கள்’ என்று ஒரு பட்டன். வடிவமைத்தவர் அதன் உயரத்தை 40 பிக்சல், அகலத்தை 140 பிக்சல் என்று வைத்திருக்கிறார். எழுத்தின் அளவு மட்டும் `1rem`. அவருடைய கணினியில் எல்லாம் கச்சிதமாகத் தெரிகிறது.

பார்வை மங்கிய வாசகர் ஒருவர் பிரவுசர் செட்டிங்ஸுக்குள் போய், எழுத்தின் அளவை வழக்கமான 16 பிக்சலிலிருந்து 24 ஆக்குகிறார். இப்போது அந்த வாசகம் ஒரே வரியில் அடங்காமல் இரண்டு வரியாக மடங்குகிறது. வரிக்கு 36 பிக்சல் என்றால் இரண்டு வரிக்கு 72. பெட்டியோ அதே 40. எழுத்து மேலும் கீழும் பிதுங்கி, பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறிக்கொள்கிறது. எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. அளவு அலகுகளைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டியது, ‘இந்த அளவு எதைப் பார்த்து மாற வேண்டும்?’ என்பதே.

`rem` பார்ப்பது பக்கத்தின் வேர் எழுத்தளவை. வாசகர் 16 வைத்திருந்தால் `1rem` 16 பிக்சல். 24 வைத்திருந்தால் 24. `em` பார்ப்பது அந்தப் பாகத்தின் சொந்த எழுத்தளவை. நம் பட்டனை இரண்டையும் சேர்த்து இப்படி எழுதலாம்:

```css
.button {
  font-size: 1rem;
  padding: 0.5em 1em;
}
```

உயரமும் அகலமும் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறோம். பெட்டி தானாகவே உருவாகிறது. எழுத்து 16 என்றால் மேலும் கீழும் 8, பக்கவாட்டில் 16. எழுத்து 24 ஆனால் அவை 12, 24. இதே பட்டனைச் சிறியதாக வேறோர் இடத்தில் போட, எழுத்தளவை `0.8rem` ஆக்கினால் போதும். உள்ளிடைவெளியும் கூடவே சுருங்கும்.

அப்படியானால் எழுத்தளவுக்கும் `em` போடலாமே? அங்கேதான் வம்பு. எழுத்தளவுக்குப் போடும்போது `em` தன்னை உள்ளடக்கிய பாகத்தின் எழுத்தளவைப் பார்க்கும். வாசகர் கடிதத்துக்குப் பதில், அதற்குள் இன்னொரு பதில், அதற்குள் மூன்றாவது என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் `0.9em` கொடுத்தால், 16 பிக்சல் எழுத்து 14.4 ஆகி, 12.96 ஆகி, மூன்றாம் அடுக்கில் 11.66 பிக்சலுக்கு இறங்கிவிடும். `0.9rem` என்றால் எத்தனை அடுக்கு உள்ளே போனாலும் 14.4தான்.

எல்லா இடைவெளிக்கும் `rem` என்பதும் சரிப்படாது. 360 பிக்சல் அகலமே உள்ள குறுகிய விண்டோவில் இரு ஓரமும் `2rem` விட்டால், எழுத்தைப் பெரிதாக்கிய வாசகருக்கு ஓரத்துக்கே 96 பிக்சல் போய்விடும். எந்த எழுத்தைப் படிக்க அவர் பெரிதாக்கினாரோ, அதற்கே இடம் குறைகிறது. இங்கே சதவீதம் பொருத்தம்: `5%` என்றால் ஓரத்துக்கு 18 பிக்சல், எழுத்தளவு என்னவாக இருந்தாலும். ஆனால் மேல், கீழ் இடைவெளிக்குச் சதவீதம் போட்டால் அதுவும் உள்ளடக்கிய பெட்டியின் அகலத்தை வைத்தே கணக்காகும். உயரத்தை வைத்து அல்ல. அகலத் திரையில் மேலே காரணமில்லாமல் பெரிய வெற்றிடம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

`vw` விண்டோவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு. தலைப்புக்கு `4vw` கொடுத்தால் 1440 பிக்சல் விண்டோவில் 57.6 பிக்சல். வாசகர் 200 சதவீதம் ஜூம் செய்தால் பிரவுசர் அந்த விண்டோவை 720 என்று கணக்கிடும், தலைப்பு 28.8 ஆகி, இருமடங்காகக் காட்டப்பட்டு, மறுபடி அதே 57.6 அளவில் நிற்கும். எவ்வளவு ஜூம் செய்தாலும் அசையாத எழுத்து! அதனால் கூடவே `rem` கலந்து, கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைப்பார்கள்:

```css
h1 { font-size: clamp(1.5rem, 1rem + 2vw, 2.5rem); }
```

உயரத்துக்கான `vh`-இல் வேறொரு பொறி. செல்போனில் `100vh` என்பது முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள முழு உயரம். பட்டை தெரியும்போது பக்கத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். அங்கே பட்டன் இருந்தால் கண்ணில் படாது. `100svh` பட்டை தெரியும் நிலையின் உயரத்தை எடுத்துக்கொள்வதால் அடிவரை தெரியும்.

சோதிப்பது எளிது. பிரவுசரின் எழுத்தளவை 24 ஆக்கிப் பாருங்கள்: எது பிதுங்குகிறதோ அங்கே பிக்சல் ஒளிந்திருக்கிறது. பழையபடி வைத்துவிட்டு 200 சதவீதம் ஜூம் செய்யுங்கள்: எந்த எழுத்து அசையவில்லையோ அங்கே `vw` தனியாக நிற்கிறது.