ப்ரீபோன் சிரிக்க வைக்கும், டவுட் சிக்க வைக்கும்

'நாளைய மீட்டிங் ப்ரீபோன் ஆகியிருக்கிறது' என்று மெயில் வந்தால் சென்னை அலுவலகத்தில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. அதே மெயிலை லண்டனில் படிப்பவர் சற்றுத் தயங்குவார். அங்கே அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் போஸ்ட்போன் தெரிந்தவருக்கு இது அதன் எதிர்ப்பதம் என்று சட்டெனப் பிடிபட்டுவிடும். லேசாகச் சிரித்துவிட்டு, சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்.

இதை நம்மவர்கள் உருவாக்கிய சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1913-லேயே நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒருவர் இதே பொருளில் இந்தச் சொல்லை முன்மொழிந்திருக்கிறார். அங்கே அது எடுபடவில்லை, இந்தியாவில்தான் நிலைத்தது.

அவர்கள் சொல்லும் 'மூவ் ஃபார்வர்டு' மட்டும் தெளிவாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் மூவ் ஃபார்வர்டு செய்தால் அது திங்களா, வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதனைக் கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள். ப்ரீபோன் என்றால் திங்கள்தான், குழப்பமே இல்லை.

டைம்பாஸ் வெளிநாட்டவர் காதில் பாதிதான் ஏறும். பொழுதுபோக்கு என்று புரிந்துகொள்வார்கள். வேறு வழியில்லாமல் நேரத்தைத் தள்ளும் சலிப்பு பிடிபடாது. கிரெய்க் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர் மீரட்டில் வேலை கிடைக்காமல் காத்திருந்த படித்த இளைஞர்களைப் பற்றி 2010-இல் எழுதிய நூலுக்கு 'டைம்பாஸ்' என்றே பெயர் வைத்தார்.

உண்மையான சிக்கல், எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களை நாம் வேறு பொருளில் சொல்லும்போதுதான் வருகிறது. பாடத்தில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம், ஒருவரை நம்பாமல் இருப்பதும் சந்தேகம். அதனால் இரண்டுக்கும் டவுட் என்கிறோம். 'உங்கள் டிசைனில் ஒரு டவுட்' என்று அமெரிக்கரிடம் சொன்னால், தன் வேலையில் குறை காண்கிறார்கள் என்று அவர் முகம் மாறும். காலேஜிலிருந்து 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். பதில் சொல்கிறேன் என்பதற்கு நாம் எழுதும் 'ரிவர்ட்' இன்னும் விவகாரமானது. மென்பொருள் வேலையில் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. 'உங்கள் கோடைப் பார்த்துவிட்டு ரிவர்ட் செய்கிறேன்' என்று எழுதினால், எழுதியவரின் உழைப்பையே அழிக்கப்போவதாக அர்த்தமாகிவிடும்.

தெரியாத சொல்லைக் கேட்டால் யாரும் அர்த்தம் கேட்பார்கள். தெரிந்த சொல் என்றால் கேட்கமாட்டார்கள், தப்பாகவே புரிந்துகொண்டு போய்விடுவார்கள். ஆகவே வெளிநாட்டு மெயிலில் டவுட்டுக்குப் பதில் கொஸ்டின் என்றும், ரிவர்ட்டுக்குப் பதில் ரிப்ளை என்றும் எழுதுங்கள். ப்ரீபோனைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.