பிரேசில் நட்ஸ்: கையளவு வேண்டாம், ஒன்று போதும்

தைராய்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, பாதாமைப் போல பிரேசில் நட்ஸையும் தினமும் ஒரு பிடி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதாமில் அது பெரிய தப்பில்லை. இதில் தப்பு.

காரணம் செலினியம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்கிறது அமெரிக்கக் கணக்கு. ஒரே ஒரு பிரேசில் நட்டில் சராசரியாக 70 முதல் 90 மைக்ரோகிராம் இருக்கிறது. எட்டு பருப்பு சாப்பிட்டால் 560க்கு மேல் போய்விடும். தினமும் தாண்டக் கூடாத எல்லையாக அமெரிக்கா வைத்திருப்பது 400. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் இன்னும் இறுக்கி 255 என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் மூன்று பருப்பே எல்லையைத் தொடுகிறது, மற்ற சாப்பாட்டில் வருவதைச் சேர்க்காமலே.

சராசரியை நம்புவதிலும் சிக்கல் உண்டு. இந்தப் பருப்பு பெரும்பாலும் தோட்டப்பயிர் அல்ல. பிரேசில், பொலிவியா, பெரு நாடுகளின் அமேசான் காடுகளில் தானாக வளரும் மரங்களிலிருந்து பொறுக்கப்படுகிறது. மண்ணில் செலினியம் எவ்வளவோ அதற்கேற்பப் பருப்பிலும் சேரும். பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்துப் பருப்பில் இருப்பது, மாத்தோ குரோசோ பருப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு. பாக்கெட்டைப் பார்த்தோ சுவைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பருப்பிலுள்ள செலினியம் உடம்பின் புரதங்களில் தங்கிக்கொள்வதால், இடையில் சில நாள் விட்டாலும் குறைந்துவிடாது. தங்குகிற அதே குணம்தான், மிதமிஞ்சித் தின்றால் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போவதற்கும் காரணம்.

செலினியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த ஒன்றும் தேவையில்லை. தைராய்டு பிரச்சினைக்காகச் சிலர் தினம் 200 மைக்ரோகிராம் எடுக்கிறார்கள். மல்டிவிட்டமின் அட்டையின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அமெரிக்க எல்லை 150தான், இரண்டு பருப்பில் அது முடிந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் குழந்தைகளும் இதைத் தவிர்ப்பது நல்லது என்கிறது ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம். அதன் காரணம் வேறு: மரம் மண்ணிலிருந்து ரேடியத்தையும் இழுத்துக்கொள்கிறது. சிறுநீரக நோயாளிகள் இதிலுள்ள பாஸ்பரஸுக்காக மருத்துவரைக் கேட்க வேண்டும். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

அதிகமானால் உடம்பு சொல்லும். மூச்சில் பூண்டு வாடை வரும், பூண்டு சாப்பிடாத நாளிலும். மிகையான செலினியத்தை உடம்பு வாயுவாக்கி வெளியே தள்ளுவதால் வருவது அது. வாயில் உலோகச் சுவை தட்டும். பிறகு முடி கொத்தாக உதிரும், நகம் பொடிந்து நிறம் மாறும். முடி கொட்டுகிறதே என்று இன்னும் இரண்டு பருப்பைக் கூட்டுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் கூத்து. இந்த அறிகுறி இருந்தால் பருப்பையும் செலினியம் கலந்த சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டு, ரத்தத்தில் செலினியம் அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் நிறுத்திய சில மாதங்களில் முடி மறுபடி முளைக்கும். நகம் வளர்ந்து சரியாக இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும்.